கடன் வாங்கிப் போட்ட பங்கில் கையில் நின்றது எவ்வளவு? அடிக்கடி வரும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தேங்காய் வியாபாரிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். கடை போர்டெல்லாம் மலையாளத்தில் இருக்கும், பேச்செல்லாம் தமிழில் நடக்கும் ஊர். கடந்த சில வருடங்களாக என்னிடம் வரும் கணக்குகளில் எம்.டி.எஃப். என்ற வரி அதிகமாகிவிட்டது. பங்கின் விலையில் ஒரு பகுதியை நாம் போட, மீதியைப் புரோக்கரே வட்டிக்குத் தரும் ஏற்பாடு அது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதித்தோம் என்பது தெரிவதில்லை. அவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் ஒரே உதாரணத்தை வைத்தே சொல்கிறேன், குழப்பம் வராது.

"ஒரு லட்சம் என் காசுங்க, ஒரு லட்சம் புரோக்கர் கடன். மூணு மாசத்துல 15,000 லாபம். 15 சதவீதம்தானுங்களே?"

இல்லை. வட்டியும் செலவும் போக 9.3 சதவீதம், வரியும் போனால் ஏறக்குறைய 6.5. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு பங்கு 400 ரூபாய் வீதம் 500 பங்கு, மொத்தம் 2,00,000 ரூபாய். 90 நாள் கழித்து 430 ரூபாய்க்கு விற்றால் 2,15,000. வித்தியாசம் 15,000. இதுவரை எல்லோரும் சரியாகவே போடுகிறார்கள்.

அடுத்தது வட்டி. கடன் 1,00,000, வருடத்துக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வட்டி 41 ரூபாய் 10 காசு. 90 நாளுக்கு 3,699 ரூபாய்.

அப்புறம் வாங்கி விற்ற செலவு. புரோக்கரேஜ் 0.3 சதவீதம் என்றால் வாங்கும்போது 600, விற்கும்போது 645, ஆக 1,245. பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்.டி.டி., டெலிவரிக்கு இரண்டு பக்கமும் 0.1 சதவீதம்: 200-ம் 215-ம் சேர்ந்து 415. முத்திரைத் தீர்வை வாங்கும்போது மட்டும் 0.015 சதவீதம், 30 ரூபாய். சந்தைக் கட்டணமும் செபி கட்டணமும் சேர்ந்து சுமார் 13 ரூபாய். புரோக்கரேஜுக்கும் இந்த 13 ரூபாய்க்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி., 226 ரூபாய். விற்கும்போது டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுக்க ஒரு கட்டணம், பங்கை அடமானம் வைக்க ஒரு கட்டணம், விடுவிக்க ஒரு கட்டணம் உண்டு. இவை புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். ஒவ்வொன்றும் 20 ரூபாய் என்று வைத்து ஜி.எஸ்.டி. சேர்த்தால் 71 ரூபாய். எல்லாம் கூட்டினால் 2,000 ரூபாய் வருகிறது.

15,000-இல் 3,699-உம் 2,000-உம் போனால் மீதி 9,301. இதை உங்கள் ஒரு லட்சத்தால் வகுத்தால் 9.3 சதவீதம். சிலர் இரண்டு லட்சத்தால் வகுத்து 4.65 என்று சொல்வார்கள். கடனுக்கு உரிய கூலியை வட்டியாகக் கொடுத்துவிட்டோம், அதனால் மிச்சத்தை உங்கள் சொந்தக் காசால் மட்டும் வகுப்பதுதான் முறை.

"ஆப்ல லாபம் 15,000னு பச்சையா காட்டுதே. இந்தச் செலவெல்லாம் எங்க பார்க்கிறது?"

மூன்று இடத்தில் பார்க்க வேண்டும், மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்காது.

ஆப்பில் பச்சையில் தெரிவது பெரும்பாலும் வாங்கிய விலைக்கும் இப்போதைய விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். புரோக்கரேஜ், எஸ்.டி.டி., முத்திரைத் தீர்வை, ஜி.எஸ்.டி. ஆகியவை அன்றன்று மின்னஞ்சலில் வரும் கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கும். வட்டி அதிலும் இருக்காது. டீமேட் கட்டணமும் அடமானக் கட்டணமும்கூட அங்கே வராது. இவை லெட்ஜர் என்ற கணக்கேட்டில் மட்டும் தனித்தனி வரிகளாகக் கழிந்துகொண்டே போகும்.

என் மச்சான் விஷயத்தில் நடந்தது இதுதான். பத்து மாதம் ஒரு பங்கை எம்.டி.எஃப்.-இல் வைத்திருந்தார். ஆப் 10,000 ரூபாய்க்கு மேல் லாபம் காட்டியது, சந்தோஷமாக விற்றார். பணம் கணக்குக்கு வந்ததும், ஏன் குறைகிறது என்று என்னிடம் வந்தார். லெட்ஜரை இறக்கிப் பார்த்தால், பத்து மாத வட்டி மட்டும் 11,000-ஐத் தாண்டியிருந்தது. அவர் கணக்கில் சும்மா கிடந்த பணத்திலிருந்து அது மாதாமாதம் கழிந்திருக்கிறது, அவர் கவனிக்கவே இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் எழுதித்தான் இருந்தது. பார்க்க வேண்டிய ஏட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் விற்ற பிறகு, வாங்கிய நாளிலிருந்து பணம் வந்த நாள் வரை லெட்ஜரை எக்செல் கோப்பாக இறக்குங்கள். அதில் வட்டி என்று வரும் வரிகளையெல்லாம் தேடிக் கூட்டுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பங்குகளை எம்.டி.எஃப்.-இல் வைத்திருந்தால் வட்டி மொத்தமாகத்தான் விழும். அப்போது ஒவ்வொரு பங்குக்கும் வாங்கிய கடனையும் நாட்களையும் பெருக்கி, அந்த விகிதத்தில் வட்டியைப் பிரித்துக்கொள்ளலாம்.

"வட்டியும் செலவுதானே, வரிக் கணக்குல கழிச்சுக்கலாமில்ல?"

முதலீடாக வாங்கி விற்ற பங்கில், கழியாது என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு. கடன் வட்டியை வாங்கிய விலையோடு சேர்க்கலாமா என்பதில் தீர்ப்பாயங்களில் இரண்டு பக்கமும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. அந்த வழக்கைத் தூக்கிச் சுமக்க நம்மில் யாருக்கும் நேரமில்லை. எஸ்.டி.டி.-யைக் கழிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. புரோக்கரேஜையும் அதன் ஜி.எஸ்.டி.-யையும் கழிக்கலாம்.

நம் உதாரணத்தில் வரிக்கு உட்படும் லாபம் சுமார் 13,500 ரூபாய். ஒரு வருடத்துக்குள் விற்றதால் குறுகிய கால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் இதற்கு வரி 20 சதவீதம், அதற்கு முன் 15 ஆக இருந்தது. 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் வரி சுமார் 2,800. உங்களுக்குக் கிடைத்ததோ 9,301 தான், ஆனால் வரி 13,500-க்குக் கட்டுகிறீர்கள். கட்டியபின் மீதி 6,500 ரூபாய், 6.5 சதவீதம்.

இதில் ஒரு விபரீதமான நிலையும் வரும். விலை சுமார் 403 ரூபாய்க்கு மேல், 411 ரூபாய்க்குள் நின்று விற்றால் உங்களுக்கு நிகரத்தில் நஷ்டம், ஆனால் வரிக் கணக்கில் லாபம். நஷ்டப்பட்டும் வரி கட்ட வேண்டிவரும். வியாபாரக் கணக்காகக் காட்டுகிறவர்களுக்கு விதி வேறு, அது தனிக் கதை.

"கடனே வாங்காம என் ஒரு லட்சத்துக்கு மட்டும் வாங்கியிருந்தா?"

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டவர் என் அனுபவத்தில் ஒரே ஒருவர்தான், வேலந்தாவளத்துப் பக்கம் தீவனக் கடை வைத்திருப்பவர். எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

250 பங்கு வாங்கியிருப்பீர்கள். 430-க்கு விற்றால் 7,500 வித்தியாசம். செலவு 988 ரூபாய், வட்டி இல்லை. மீதி 6,512. வரியும் போனால் சுமார் 5,110.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடனோடு 6,500. கடன் இல்லாமல் 5,110. ஒரு லட்ச ரூபாய் கடனை மூன்று மாதம் தோளில் வைத்திருந்ததற்கு உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 1,390 ரூபாய். அதே மூன்று மாதத்தில் புரோக்கருக்கு வட்டியாக மட்டும் 3,699 போய்விட்டது. 7.5 சதவீதம் ஏறிய பங்கில், நல்ல நேரத்தில், நடந்த கணக்கு இது.

"அப்ப எந்த விலைக்கு மேல போனா கடன் வாங்கினது சரின்னு எடுத்துக்கலாம்?"

வரியைச் சேர்க்காமல் பார்த்தாலே, இங்கே ஒரு எல்லைக்குப் பதிலாக மூன்று எல்லைகள் இருக்கின்றன. பெரும்பாலோர் நடுவில் இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள்.

கடன் இல்லாமல் வாங்கியிருந்தால், வாங்கி விற்ற செலவை மட்டும் மீட்க விலை 403 ரூபாய் 83 காசுக்கு வர வேண்டும். இது முதல் எல்லை.

கடனோடு வாங்கி 90 நாள் வைத்திருந்தால், செலவும் வட்டியும் மீள விலை 411 ரூபாய் 31 காசு ஆக வேண்டும். இது இரண்டாவது. இதைத்தான் நாம் வழக்கமாக "அசல் வந்துவிட்டது" என்கிறோம்.

மூன்றாவது எல்லை கடனுக்கே உரியது. கடன் பணத்தில் வாங்கிய அந்த 250 பங்கை மட்டும் தனியாக எடுங்கள். அதன் தலையில் முழு வட்டி 3,699-உம் அதன் பங்குக்கு உரிய செலவும் விழுகின்றன. அவை மீள விலை 418 ரூபாய் 79 காசைத் தொட வேண்டும். வாங்கிய விலையிலிருந்து 4.7 சதவீதம் ஏற்றம், அதுவும் 90 நாளுக்குள்.

411-க்கும் 418-க்கும் இடையில் விற்றவர் வரிக்கு முன் லாபத்தில்தான் இருப்பார். ஆனால் கடன் வாங்காமல் இருந்திருந்தால் இன்னும் அதிக லாபத்தில் இருந்திருப்பார். 415 ரூபாயில் விற்றுவிட்டு, "கடன் வாங்கியும் தப்பித்துவிட்டேன்" என்று சொல்கிறவரின் சொந்தக் காசு சம்பாதித்ததில் ஒரு பகுதியைக் கடன் தின்றிருக்கிறது. மொத்தம் கூட்டலில் இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை.

உங்கள் கணக்குக்கு இந்த மூன்றாவது எல்லையைத் தோராயமாகக் கண்டுபிடிக்க, வட்டி விகிதத்தை வைத்திருக்கும் நாட்களுக்குச் சுருக்கி, அதோடு போக வரச் செலவு ஒரு சதவீதம் சேர்த்தால் போதும். 15 சதவீதம் 90 நாளுக்கு 3.7, அதோடு 1, ஆக 4.7. புரோக்கரேஜ் 0.3 சதவீதம் என்ற அளவில் இருக்கும்வரை இந்த ஒரு சதவீதம் ஒத்துவரும்.

"ஏறினா ரெட்டிப்பு லாபம், இறங்கினா ரெட்டிப்பு நஷ்டம். சமம்தானே?"

சமம் இல்லை. அதே 7.5 சதவீதம் இறங்கி 370-க்கு விற்றால் என்ன ஆகிறது என்று பாருங்கள். விலையில் நஷ்டம் 15,000. செலவு 1,863. வட்டி 3,699. மொத்தம் 20,562 ரூபாய். உங்கள் ஒரு லட்சத்தில் 20.6 சதவீதம் போய்விட்டது. ஏறியபோது வந்தது 9.3 சதவீதம்தான்.

கடன் இல்லாமல் இருந்தால் அதே இறக்கத்தில் 8,420 ரூபாய் போயிருக்கும். விலை எந்தப் பக்கம் போனாலும் வட்டியும் செலவும் ஒரே பக்கம்தான் இழுக்கும். ஏற்றத்தில் வெட்டுகிறது, இறக்கத்தில் கூட்டுகிறது. அதனால் நம் உதாரணத்தில் விலை ஒரே அளவு ஏறினாலும் இறங்கினாலும், லாபத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக நஷ்டம் நிற்கிறது.

"விற்காம வச்சிருந்தா எப்படியும் ஏறும்ங்கறாங்களே?"

ஏறலாம். ஆனால் கடன் பங்கில் உங்கள் எல்லைக்கோடும் கூடவே ஏறுகிறது. ஒரு நாள் வட்டி 41 ரூபாய் 10 காசு, பங்கு 500. ஆக, ஒவ்வொரு பங்குக்கும் நாளொன்றுக்கு எட்டு காசு. நீங்கள் தூங்கும்போதும், சந்தை மூடியிருக்கும்போதும் அந்த எட்டு காசு ஏறும்.

அதே 430 விலை 90 நாளில் வராமல் 300 நாளில் வந்தது என்று வையுங்கள். வட்டி 12,329. 15,000-இல் செலவு 2,000-உம் வட்டியும் போனால் மீதி 671 ரூபாய். 317-ஆம் நாள் அதுவும் போய்விடும். விலை 7.5 சதவீதம் ஏறியே இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது.

விடுமுறை நாள் வட்டியையும் மறந்துவிடக் கூடாது. பணமும் பங்கும் இப்போது வாங்கிய மறுவேலை நாளில் கைமாறுகின்றன. வியாழன் வாங்கி வெள்ளி விற்றால், பங்குக்குப் பணம் கட்டுவது வெள்ளி, விற்ற பணம் வருவது திங்கள். இடையில் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் வட்டி பொதுவாக விழும். ஒரு நாள் வியாபாரம் என்று நினைப்பீர்கள், வட்டி மூன்று நாளுக்கு.

வட்டியைக் கட்டாமல் விட்டால் அது லெட்ஜரில் பாக்கியாக நின்று, அந்தப் பாக்கிக்கும் வட்டி ஓட ஆரம்பிக்கலாம். மாதக் கடைசியில் வட்டியளவுக்காவது பணம் போட்டு வைப்பது நல்லது.

"வட்டி குறைஞ்ச புரோக்கரா, புரோக்கரேஜ் குறைஞ்ச புரோக்கரா?"

எத்தனை நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புரோக்கரேஜ் ஒரு தரம் போவது, வட்டி நாள்தோறும் போவது.

ஒரு புரோக்கர் ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் மட்டும் எடுத்து 15 சதவீத வட்டி போடுகிறார். இன்னொருவர் 0.3 சதவீத புரோக்கரேஜ் எடுத்து 10 சதவீத வட்டி போடுகிறார். முதல் ஆளிடம் புரோக்கரேஜ் 1,245-க்குப் பதில் 40. ஜி.எஸ்.டி.-யோடு 1,422 ரூபாய் மிச்சம். இரண்டாவது ஆளிடம் நாளுக்கு 13 ரூபாய் 70 காசு வட்டி மிச்சம். 1,422-ஐ இதனால் வகுத்தால் 104 நாள் வருகிறது. அதற்குள் விற்றுவிடுவீர்கள் என்றால் முதல் ஆள் மலிவு, அதற்கு மேல் வைத்திருந்தால் இரண்டாவது ஆள்.

ஒன்றைக் கவனியுங்கள். "டெலிவரிக்குப் புரோக்கரேஜ் கிடையாது" என்று சொல்லும் ஆப்பிலும் எம்.டி.எஃப். ஆர்டருக்குத் தனிப் புரோக்கரேஜ் இருப்பது வழக்கம். கட்டணப் பட்டியலில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

"இடையில மார்ஜின் பத்தலன்னு 15,000 போட்டேன். இப்ப எதால வகுக்கிறது?"

சராசரியாக எவ்வளவு சொந்தப் பணம் உள்ளே கிடந்தது என்று பார்த்து, அதனால் வகுக்க வேண்டும்.

உங்கள் பங்கு 45-ஆம் நாள் 340-க்கு இறங்கியது என்று வைப்போம். மதிப்பு 1,70,000, கடன் 1,00,000, உங்களுடையது 70,000 மட்டும். பாதியாவது உங்கள் பணமாக இருக்க வேண்டும் என்பது புரோக்கரின் நிபந்தனை என்றால் 85,000 வேண்டும், 15,000 குறைகிறது. அதைப் போடுகிறீர்கள், கடன் 85,000 ஆகிறது. போடாவிட்டால் உங்களைக் கேட்காமலே பங்கை விற்கும் உரிமை அவருக்கு உண்டு. 340-க்கு விற்ற பிறகு விலை 430-க்குத் திரும்பினாலும் உங்களுக்குப் பயனில்லை.

பணம் போட்டீர்கள், விலை திரும்பி 90-ஆம் நாள் 430-க்கு விற்றீர்கள். வட்டி முதல் 45 நாளுக்கு 1,849, பின் 45 நாளுக்கு 1,572, மொத்தம் 3,421. லாபம் 9,579. முதல் ஒரு லட்சம் 90 நாளும் இருந்தது. 15,000 பாதி நாள் மட்டும் இருந்தது, அதனால் அதில் பாதி, 7,500. சராசரி 1,07,500. வகுத்தால் 8.9 சதவீதம். ரூபாய் கூடியது, சதவீதம் குறைந்தது.

பணம் பல தடவை உள்ளே வெளியே போயிருந்தால் எக்செல் உங்களுக்காகப் போட்டுத் தரும். ஏ பத்தியில் தேதி, பி பத்தியில் பணம். நீங்கள் போட்டதற்குக் கழித்தல் குறி, வந்ததற்குக் குறி வேண்டாம்.

```
07-01-2025   -100000
21-02-2025    -15000
07-04-2025    124579

=XIRR(B1:B3,A1:A3)
```

கடைசி வரியில் இருப்பது கடனும் வட்டியும் செலவும் போக உங்கள் கைக்கு வந்த தொகை. இதற்கு விடை சுமார் 41 சதவீதம் என்று வரும். இது வருடக் கணக்கு. இதே வேகம் வருடம் முழுக்க நடந்தால் என்ன வரும் என்று சொல்லும் எண் இது, உங்களுக்கு வந்தது 8.9 சதவீதம்தான். சில மாதமே வைத்திருந்த பங்குக்கு இந்த எண்ணை வெளியே சொல்லிப் பெருமைப்படாதீர்கள். நிலையான வைப்பு வட்டியோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் வரியைக் கழித்த பிறகு.

"நடுவுல டிவிடெண்ட் வந்தா?"

சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வரி போக மிச்சத்தை. எம்.டி.எஃப்.-இல் இருக்கும் பங்கின் டிவிடெண்டும் உங்களுக்கே உரியது. பங்குக்கு 4 ரூபாய் வந்தால் 500 பங்குக்கு 2,000. நீங்கள் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் செஸ்ஸோடு 416 போய் 1,584 மிச்சம்.

"நகைக் கடன் ஒரு ரூபா வட்டிக்குக் கிடைக்குதே. அதுல வாங்கினா?"

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். ஒன்றே கால் ரூபாய் என்றால் 15, இரண்டு ரூபாய் என்றால் 24. மாத வட்டியில் கேட்கும்போது எல்லாம் சின்னதாகத் தெரியும், முதலில் பன்னிரண்டால் பெருக்கிவிடுங்கள்.

12 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு 90 நாள் வட்டி 2,959. எம்.டி.எஃப்.-ஐ விட 740 ரூபாய் குறைவு. அடமானக் கட்டணம் 47-உம் இல்லை. நகை மதிப்பிடும் கட்டணம் ஏதாவது வாங்கினால் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். சில திட்டங்களில் குறித்த நாளுக்குள் வட்டி கட்டினால்தான் அந்தக் குறைந்த விகிதம், தவறினால் முதல் நாளிலிருந்தே கூடின விகிதத்தில் போடுவார்கள். ரசீதின் பின்பக்கம் அது இருக்கும்.

விவசாய நகைக் கடனைப் பற்றியும் கேட்கிறார்கள். தென்னைக்குப் போடக் கொடுத்த பணம் அது. அதை எடுத்துப் பங்கில் போடுவது கடன் வாங்கிய நோக்கத்துக்கு மாறானது, நான் அந்தக் கணக்கை எழுதித் தருவதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எம்.டி.எஃப்.-இல் விலை இறங்கினால் புரோக்கர் கூப்பிடுவார், நஷ்டம் கண்ணில் படும். நகைக் கடனில் பங்கு பாதியானாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் இறங்கிய பங்கை வருடக்கணக்கில் சுமந்து, ஒவ்வொரு தடவையும் வட்டி மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

"ரெண்டு லட்சமும் நகைக் கடன்தான், என் காசே போடல. அப்ப என் லாபம் எத்தனை சதவீதம்?"

சொந்தக் காசு இல்லாத இடத்தில் சதவீதத்துக்குப் பொருள் இல்லை, வகுக்க எண்ணே இல்லை. ரூபாயில் சொல்லுங்கள். அதோடு, நீங்கள் உண்மையில் பணயம் வைத்தது நகை என்பதால் நகையின் மதிப்போடு ஒப்பிடுங்கள்.

இரண்டு லட்சத்துக்கு 12 சதவீதத்தில் 90 நாள் வட்டி 5,918. செலவு 1,953. 430-க்கு விற்றால் 15,000-இல் மிச்சம் 7,129, வரிக்கு முன். நகை மதிப்பில் முக்கால் பங்கு கடன் தந்தார்கள் என்றால் பெட்டியில் இருப்பது சுமார் 2,67,000 ரூபாய் நகை. அதற்கு 2.7 சதவீதம்.

370-க்கு விற்க நேர்ந்தால், பங்கு விற்ற பணம் கடனுக்கும் வட்டிக்கும் போதாது. நகையை வீட்டுக்குக் கொண்டுவர 22,733 ரூபாய் வேறு இடத்திலிருந்து புரட்ட வேண்டும். இந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நகையை வைக்க வேண்டும். நகை அவர்களுடையது.